ஒரு பிடிதான் கணக்கு: கொடை கேட்கும் பேச்சின் கடைசி இரண்டு நிமிடம்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மறுநாள் காலைக்குள் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியிருந்தது. அடுத்த நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் வண்டிகள் நின்றுபோயின. அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தேவாலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அருளுரை நன்றாகத்தான் போனது. கடைசி இரண்டு நிமிடத்தில் நிவாரணத்துக்குக் காணிக்கை கேட்க வேண்டியிருந்தது. போதகரின் குரல் மாறியது. "நீங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கின ராத்திரி, ஒரு தாய் இடுப்பளவு தண்ணியில புள்ளையத் தோள்ல வெச்சிக்கிட்டு நின்னா. இன்னிக்கு மத்தியானம் உங்களுக்கு எப்படிச் சோறு இறங்கும்?" என்று கேட்டார். சபை தலை குனிந்தது. எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருபது ரூபாய்த் தாளை எட்டாக மடித்து, பை வந்தபோது கையை உள்ளே முழுக்க விட்டுப் போட்டார். எவ்வளவு போடுகிறார் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்ற கவலை அந்தக் கையில் இருந்தது. அந்தப் புயலில் அவர் வீட்டுப் பின்சுவரே விழுந்திருந்தது என்று ஆராதனை முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதே நேரம் பின்னால் நின்றிருந்த மூன்று நான்கு பேர் பை தங்களிடம் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

போதகர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஊர் மேல் இருந்த பாசத்தில்தான் பேசினார். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் கொடுக்கக் கூடாதவர் கொடுத்தார், கொடுக்கக் கூடியவர் போய்விட்டார். கொடை கேட்கும் பேச்சின் முடிவுரையைப் பற்றி நாம் ஏன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

நம் பக்கத்தில் மூன்று வகை மேடைகளிலும் கடைசி நிமிடம் ஒரே மாதிரிதான் அமைகிறது. தேவாலயத்தில் அருளுரை முடிந்து சற்று நேரத்தில் காணிக்கைப் பை வருகிறது. உபந்யாசத்தில் மங்களம் பாடி முடிக்கும்போது ஆரத்தித் தட்டு சுற்றுகிறது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வரும் வழியில் துண்டு விரிக்கப்பட்டிருக்கிறது. கேட்டவரின் சொல் காதில் இருக்கும்போதே கை பைக்குள் போக வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பு. யோசிக்க நேரம் இல்லை, பக்கத்தில் உறவுக்காரரும் தெருக்காரரும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் குற்ற உணர்ச்சியைச் சேர்த்தால் அது உடனே வேலை செய்யும். பழகிய பேச்சாளர்கள் பலர் அதைக் கையில் எடுப்பதற்குக் காரணமும் அதுதான்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் ஒரு ஆய்வு அருகிலிருந்து பார்த்தது. பாஸ்டன் நகரையொட்டிய ஒரு பேரங்காடி வாசலில், கிறிஸ்துமஸ் காலத்தில் சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் மணி அடித்து நன்கொடை கேட்பார்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் அவருடைய கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வாசல்களில் ஒன்றில் சும்மா மணி மட்டும் அடிக்க வைத்தார்கள். இன்னொரு முறை, வருகிறவர் கண்ணைப் பார்த்து வாய்திறந்து கேட்க வைத்தார்கள். வாய்திறந்து கேட்டபோது வசூல் கூடியது. ஆனால் அந்த வாசலுக்கு வர வேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வேறு வாசல் தேடிப் போனார்கள். வசூலை மட்டும் எண்ணுகிறவர் கூடிய பணத்தைப் பார்ப்பார். சுற்றிக்கொண்டு போனவர்களை எண்ணுவதற்கு யாரும் நிற்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்களும் அந்த மூன்றில் ஒரு பங்குதான். பேரங்காடி வாசலைத் தவிர்ப்பவர் மளிகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கோயிலையோ சபையையோ தவிர்ப்பவர் அடுத்த முறை வராமலேயே இருந்துவிடலாம்.

அப்படியானால் கேட்கவே கூடாதா என்றால், கேட்க வேண்டும். வாய்திறந்து கேட்டால் கொடை கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. எப்படிக் கேட்பது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு விழுப்புரத்திலேயே பிறந்திருக்கிறது.

காஞ்சி சங்கராசாரியாராக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி 1894 மே 20ஆம் தேதி விழுப்புரத்தில் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் சுவாமிநாதன். தகப்பனார் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், ஊர் ஊராக மாற்றலானவர். அப்படித்தான் சிறுவன் சுவாமிநாதன் திண்டிவனத்துக்கு வந்து ஆற்காடு அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான். 1907இல் பதின்மூன்றாவது வயதில் பீடத்துக்கு அழைத்துக்கொள்ளப்படும் வரை அங்கேதான் படித்தான். பிற்காலத்தில் அவர் பேசிய பேச்சுகளை ரா. கணபதி 'தெய்வத்தின் குரல்' என்று ஏழு பாகங்களாகத் தொகுத்தார். அந்தப் பேச்சுகளின் வழியே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த ஒரு வேண்டுகோள்தான் பிடி அரிசித் திட்டம்.

திட்டம் மிகச் சிறியது. வீட்டில் தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறொரு பாத்திரத்தில் போட வேண்டும். கூடவே ஒரு சின்னக் காசு. வாரத்துக்கு ஒரு முறை தெருக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அரிசியைக் கோயிலில் சமைத்து, நிவேதனம் செய்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். காசு விறகுக்கும் மற்றச் செலவுக்கும் உதவும்.

இதில் குற்ற உணர்ச்சிக்கு இடம் எங்கே போயிற்று என்பதைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் கேட்ட அளவுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. 'உன்னால் முடிந்ததைக் கொடு' என்றால் கேட்கிறவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: ஐந்நூறு கொடுத்தேன், ஆயிரமும் முடிந்திருக்குமே. முடிந்தது என்பதற்கு மேல் எல்லை கிடையாது, அதனால் எவ்வளவு கொடுத்தாலும் பாக்கி நிற்கும். ஒரு பிடி என்றால் போட்டதும் கணக்கு முடிந்தது. மளிகைக் கடைக்காரருக்கும் அதே ஒரு பிடி, கூலிக்குப் போகிற வீட்டுக்கும் அதே ஒரு பிடி. யாரும் யாரையும்விட மேலே போக முடியாது. கை பெரிதாக இருக்கிறவருக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அது நடக்கிற இடம். கூட்டத்தில் பையோ தட்டோ வருவதற்குப் பதிலாக, அது சமையலறையில் நடக்கிறது, பார்க்க ஆளில்லை. போட மறந்த நாளுக்குக் கணக்குக் கேட்க யாரும் இல்லை. பேச்சு முடிந்த அந்த நிமிடத்தின் சூட்டில் கொடுக்க வேண்டியதும் இல்லை. வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில், சொந்த அடுப்புக்கு முன்னால் கொடுக்கலாம். மனசு மாறினால் மாறட்டும் என்று விட்டுவிடுகிற துணிச்சல் அந்த வேண்டுகோளில் இருக்கிறது.

பிடி அரிசி அவருக்கு மட்டும் சொந்தமான யோசனை இல்லை. திருமூலர் திருமந்திரத்திலேயே, எல்லோராலும் முடிகிற அறத்தைச் சொல்லும் இடத்தில் உண்ணும்போது எடுத்துவைக்கும் ஒரு கைப்பிடியைச் சொல்லியிருக்கிறார். கைப்பிடிக்கும் வழியில்லாதவருக்கு என்ன என்றால், பிறரிடம் ஒரு இனிய சொல். கடைசிப் படியில் நிற்பவரையும் வெளியே தள்ளாத அந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. மிசோரத்தில் பிரெஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் வேளாவேளைக்கு ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து வருகிறார்கள். மலைநாட்டு ஏழை வீடுகளிலிருந்து வந்த அந்தப் பிடிகள்தான் அங்கே சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்தன. நம் கடலூர், விழுப்புரம் பக்கத்து சபைகளிலும் கைப்பிடி அரிசி வாங்கும் பழக்கம் தெரிந்ததுதான். வடலூரில் 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது என்றால், தெரிந்தவரும் தெரியாதவரும் கொண்டுவந்து கொட்டுகிற அரிசியும் காய்கறியும் அதற்குப் பெரிய துணை.

சிறிதாகக் கேள் என்ற பாடத்தைச் சிலர் தவறான முனையில் பிடித்துக்கொள்கிறார்கள். 1976இல் ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நன்கொடை கேட்கச் செய்தார்கள். சாதாரணமாகக் கேட்டபோது நூற்றுக்கு 29 பேர் கொடுத்தார்கள். 'ஒரு பென்னி கொடுத்தால்கூட உதவும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தபோது 50 பேர் கொடுத்தார்கள். அந்த வாக்கியம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரிலும் 'ஒரு ரூபாய்கூடப் போதும்' என்று கேட்கிறோம். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது? ஒரு பென்னியும் இல்லை என்று வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பென்னியை எடுத்து நீட்டவும் கூச்சமாக இருக்கும், அதனால் வழக்கமான தொகையைத்தான் கொடுப்பார்கள். அதாவது மறுக்கிற வழியை அந்த வாக்கியம் அடைத்துவிடுகிறது. மேடையில் 'ஒரு ரூபாய்கூடப் போதும்' என்று சொல்லி, பேச்சாளரின் எதிர்பார்ப்பு நூறு ரூபாயாக இருந்தால், சபைக்கு அது புரியும். குற்ற உணர்ச்சி முன்வாசலில் வெளியே போய்க் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும்.

பிடி அரிசியில் அந்தத் தந்திரம் இல்லை. ஒரு பிடி என்று கேட்டவருக்கு உண்மையிலேயே ஒரு பிடிதான் வேண்டும். அவர் போட்ட கணக்கே அதில்தான் நிற்கிறது. சிறிய அளவைச் சொல்லப்போகிற பேச்சாளர் முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இவர்கள் எல்லோரும் நான் சொன்ன அளவை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து போனால் என் முகம் வாடுமா? வாடும் என்றால் அந்த அளவைச் சொல்லக்கூடாது.

அதனால் பேச்சுக்கு முன்னால் கணக்குப் போட்டாக வேண்டும். சென்ற ஆண்டு விழுப்புரத்தில் பேச்சாளரான நண்பர் ஒருவருக்காக அதைச் செய்து பார்த்தோம். அவர் வீட்டுச் சமையலறையில் அவருடைய துணைவியார் பத்து முறை பிடி எடுத்துத் தராசில் போட்டார். சராசரி 45 கிராம் வந்தது. ஏழு நாளைக்கு 315 கிராம். மண்டபத்துக்கு வருகிற குடும்பங்கள் இருநூறு. எல்லோரும் போடுவார்கள் என்று எண்ணினால் பின்னால் ஏமாற்றம் வரும், ஏமாற்றம் வந்தால் அடுத்த வாரம் குரல் கடுக்கும். பாதிப் பேர் என்று வைத்தோம். நூறு குடும்பம், வாரத்துக்கு முப்பத்தொன்றரைக் கிலோ. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி என்றால் 210 சாப்பாடு. ரேஷன் அரிசி வாங்குகிற ஒரு வீட்டுக்கு மேல்கைக்கு வாரம் ஐந்து கிலோ கொடுத்தால் ஆறு வீட்டுக்கு வரும்.

ஆறு வீடு. நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் மனசில் நாற்பது வீடு இருந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான முடிவுரைகள் வழுக்குகின்றன. நாற்பது வீட்டின் கஷ்டத்தைச் சொல்லி ஆறு வீட்டுக்கான அளவைக் கேட்டால், கேட்கிறவர்களுக்கு இடையில் இருக்கிற முப்பத்து நான்கு வீடு பாரமாக ஏறும். தாங்கள் போடுகிற பிடி கடலில் கரைத்த பெருங்காயம் போலத் தோன்றும். ஆறு வீட்டைச் சொல்லி ஆறு வீட்டுக்குக் கேட்டால், பிடி போட்டவருக்குத் தன் அரிசி எங்கே போய் முடிகிறது என்று தெரியும். மீதி முப்பத்து நான்கு வீட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டியது ஏற்பாடு செய்கிறவர்களின் பொறுப்பு. அதைச் சபையின் மடியில் கட்டக்கூடாது.

பெரிய வெள்ளத்துக்குப் பிடி அரிசி போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நனைந்த பாய், சேறு புகுந்த அரிசிப் பானை, பிள்ளையின் புத்தகம், செத்துப்போன ஆடு, இவற்றின் முன்னால் அந்தத் தொகையே சிறிது. அந்த முதல் வாரத்தில் பிடி பிடியாகச் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்போதும் விளிம்புள்ள அளவு வேண்டும், ஆனால் அலகு மாற வேண்டும்: ஒரு வீட்டுக்கு ஒரு கோரைப் பாய், ஒரு போர்வை, சோறு வடிக்கிற ஒரு குண்டான். 'இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு பாய்' என்று சொல்லலாம். வெறுமனே 'துணிமணி கொடுங்கள்' என்றால் என்ன வரும் என்று நிவாரணத்தில் கை நனைத்தவர்களைக் கேளுங்கள்: ஒற்றைச் செருப்பும், ஜிப் போன பேண்ட்டும், பட்டு ரவிக்கையும் மூட்டையாக வந்து பள்ளிக்கூட வராந்தாவில் கிடக்கும். மனசு உறுத்தினவர் உறுத்தலைத் தீர்க்க அலமாரியைக் காலி செய்கிறார். அளவும் பொருளும் சொல்லாததால் வருகிற குப்பை அது.

பொருளைத் தெளிவாகச் சொல்வது பிடி அரிசிக்கும் பொருந்தும். வீட்டுக்கு வீடு அரிசி வேறு. ஒருவர் பச்சரிசி போடுவார், ஒருவர் பொன்னிப் புழுங்கல், ஒருவர் ரேஷன் அரிசி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உலையில் போட்டால் பச்சரிசி குழைந்து கஞ்சியாகும் நேரத்தில் தடித்த புழுங்கல் நடுவில் வேகாமல் நிற்கும். முதல் வாரம் அப்படி ஒரு அண்டா சோறு கெட்டால் இரண்டாவது வாரம் பாதிப் பேர் போட மாட்டார்கள், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். 'புழுங்கலரிசி மட்டும்' என்ற இரண்டு சொல்லை முடிவுரையில் சேர்த்தால் போதும். பச்சரிசி வீட்டார் என்ன செய்வார்கள் என்றால், அதற்குத் தனி வாளி. வண்டு வருகிற காலத்தில் டப்பாவில் நாலு வேப்பிலையோ இரண்டு காய்ந்த மிளகாயோ போட்டுவைக்கச் சொல்வதும் நல்லது. இவை பிரசங்கத்துக்கு உரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். கடைசி இரண்டு நிமிடத்துக்கு இவைதான் உரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த நினைப்புக்குத் துணையாக ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1965இல் ஹோவர்ட் லெவென்தாலும் உடன் இருந்தவர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய முயன்றார்கள். ஒரு பகுதியினருக்கு நோயின் கொடூரத்தைப் படத்தோடு காட்டிப் பயமுறுத்தினார்கள். இன்னொரு பகுதியினருக்கு மென்மையாகச் சொன்னார்கள். பயந்தவர்கள் போட்டுக்கொள்கிறேன் என்று அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் ஊசி போட வந்தவர்களை எண்ணியபோது பயத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. போகும் வழி சொல்லப்படாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைக் கையில் கொடுத்து, எந்த நாள், எந்த வகுப்பு முடிந்து போகப் போகிறாய் என்று யோசிக்க வைத்த மாணவர்களில் நூற்றுக்கு 28 பேர் வந்தார்கள். கடைசி வருட மாணவர்கள் அவர்கள். அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். தெரிந்த வழியையும் ஒருமுறை காட்டிவிட்டால் கால் நடக்கிறது.

அந்தத் தேவாலயத்துப் போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்ற தாயைக் காட்டினார். அது நோயின் படம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த வாசலில் டிரம் இருக்கும் என்பது வரைபடம். இரக்கம் பேச்சின் நடுப்பகுதியிலேயே பிறந்துவிட்டது. முடிவில் அதை மறுபடியும் கிளறுவதால்தான் அது உறுத்தலாக மாறுகிறது. ஏற்கெனவே மனம் நெகிழ்ந்திருப்பவரிடம் மீண்டும் ஒரு சோகக் கதை சொல்வது, இன்னும் நீ நெகிழவில்லை என்று குற்றம் சாட்டுவது போல ஆகிவிடுகிறது.

மறுக்கிற வழியைத் திறந்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்லாத்தில் ஜகாத்துக்கு நிஸாப் என்று ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே சொத்துள்ளவர் மேல் கடமையே இல்லை; மேலே இருப்பவருக்கு இரண்டரை விழுக்காடு. இல்லாதவரை 'உனக்கு இது இல்லை' என்று விலக்கிவைக்கிற அந்தக் கோடு மிகப் பெரிய கருணை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும், எருசலேமின் ஏழைகளுக்குக் கொடை கேட்கிற இடத்தில், இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்று எழுதுகிறார். மற்றவர்களுக்குச் சுமை இறங்கி உங்களுக்குச் சுமை ஏறுவது நோக்கமில்லை என்றும் விளக்குகிறார். ஆக, கொடுக்காமல் இருக்கும் வழியை வெளிப்படையாகச் சொல்வது நம் எல்லா மரபுகளுக்கும் பழகியதுதான். பேச்சாளர்கள்தான் அதைச் சொல்லப் பயப்படுகிறார்கள். சொன்னால் எல்லோரும் அந்த வழியில் போய்விடுவார்கள் என்ற பயம். பிரான்சில் கெகனும் பாஸ்குவாலும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்துக்குப் பதில்: தெருவில் அந்நியரிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டபோது பத்தில் ஒருவர் கொடுத்தார், 'கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்' என்று சேர்த்துக் கேட்டபோது ஏறத்தாழப் பாதிப் பேர் கொடுத்தார்கள். இதையும் தந்திரமாக்கிவிடலாம்தான். உண்மையிலேயே மறுக்க விடுகிறவர் வாயில் மட்டும்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையில் ஒரு மண்டபத்தில் பேசினால் கொடுப்பவர் இங்கே, வாங்குபவர் எங்கோ. இங்கே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அந்த ஏழைகள்' என்று மேடையிலிருந்து சொல்லும்போது அந்த ஏழை மூன்றாவது வரிசையில் தலை குனிகிறார். அதனால் முடிவுரை இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசியாக வேண்டும், வாங்குகிறவருக்கும் வழி சொல்லியாக வேண்டும், அதுவும் வரிசையில் நிற்க வைக்காமல்.

இத்தனையையும் வைத்து நண்பரும் நானும் எழுதிய முடிவுரை இது. அவர் பேசுகிற பேச்சு நடையிலேயே எழுதினோம்:

"இத்தோட முடிச்சிக்கிறேன். வெள்ளத்தப்ப நம்ம ஜனங்க எவ்வளவோ பேர் சோறு பொங்கி எடுத்துக்கிட்டு ஓடினீங்க. நான் பார்த்தேன். இப்ப ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கு. ஆறு வீட்டுக்கு, தை அறுப்புக் கூலி கைக்கு வர்ற வரைக்கும், எட்டு வாரத்துக்கு அரிசி வேணும். தினமும் உலைக்கு அரிசி எடுக்கறப்ப ஒரு பிடி தனியா ஒரு டப்பாவுல போடுங்க. புழுங்கலரிசி மட்டும். அந்த ஒரு பிடிதான் கணக்கு, அதுக்கு மேல வேணாம். சனிக்கிழமை காலையில ஏழுல இருந்து எட்டு வரைக்கும் மண்டபத்துப் பக்கவாட்டு வாசல்ல டிரம் இருக்கும். கொட்டிட்டுப் போயிடலாம், பேர் எழுத மாட்டோம். இந்த மாசம் எங்க வீட்டுல தோதுப்படலங்கறவங்க அப்படியே விட்டுடுங்க, நல்ல சொல் சொல்லி வாழ்த்துங்க, அது போதும். உங்க வீட்டுக்கே அரிசி வேணும்னா எங்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லுங்க, ராத்திரியில வீட்டுக்கு வந்துடும். எட்டாவது வாரம் டிரம்மை எடுத்துடுவோம். எல்லாரும் நல்லா இருக்கணும்."

படித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே வருகிறது. முதலில் 'நான் பார்த்தேன்' என்று வைத்ததற்குக் காரணம் உண்டு: கொடுக்கச் சொல்வதற்கு முன்னால், ஏற்கெனவே கொடுத்ததைப் பார்த்தவன் என்று சொல்லிவிட வேண்டும். பாராட்டாகப் பெருக்கினால் அதுவும் கடனாகிவிடும், இரண்டே சொல் போதும். எட்டு வாரம் என்ற முடிவு தேதியை நண்பர் முதலில் விரும்பவில்லை. நல்ல காரியம் தொடரட்டுமே என்றார். முடிவு தேதி இல்லாத கொடையில் நின்றுபோகிறவர் எல்லோரும் நிறுத்தியவர்கள் ஆகிவிடுவார்கள், முடிவு தேதி இருந்தால் கூடவே முடித்தவர்கள் ஆவார்கள் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார். 'வீட்டுக்கே வேணும்னா' என்ற வாக்கியத்தை, பேசும்போது குரலை இறக்காமல், டிரம் எங்கே இருக்கும் என்று சொன்ன அதே குரலில் சொல்லும்படி மூன்று முறை பழகினார். குரல் இறங்கினால் அது இரக்கமாகிவிடும்.

அவர் பேசிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் தலை குனியவில்லை. சிலர் சிரித்தார்கள், ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "எங்க வீட்டுல எல்லாம் பச்சரிசிதான், என்ன பண்றது?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. தனி வாளியைப் பற்றி நாங்கள் பேச்சில் சேர்க்க மறந்திருந்தோம். முதல் சனிக்கிழமை இருபத்தாறு கிலோ வந்தது, எதிர்பார்த்ததில் ஐந்தரைக் கிலோ குறைவு. நண்பர் அதைப் பற்றி மேடையில் எதுவும் சொல்லவில்லை. ஐந்து வீட்டுக்குப் பகிர்ந்துவிட்டு, ஆறாவது வீட்டுக்கான ஐந்து கிலோவில் இருந்த நான்கு கிலோ குறையைத் தன் பையிலிருந்து வாங்கி நிரப்பினார். மூன்றாவது வாரம் ஒருவர் வந்து, அவர் காதருகே ஏதோ சொன்னார். நண்பர் தலையை மட்டும் அசைத்தார். அந்த வாரத்திலிருந்து ஏழு வீடு. யார் என்று நான் கேட்கவில்லை.